கைத்தடி விற்பவர் எழுத வேண்டிய வரிகள்

வாங்குபவர் ஒருவர், ஊன்றுபவர் இன்னொருவர்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் வெளியூரில் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் கைத்தடி வாங்க ஷிஃப்ட் முடிந்தபின் போனில் தேடுகிறார்கள். "பிரீமியம் தரம், ஸ்டைலான தோற்றம்" என்ற விளம்பர வரிகள் அவர்களுக்கு எதையும் சொல்வதில்லை. அம்மாவிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையே விற்பவர் முதலில் எழுத வேண்டும்.

உயரம்தான் முதல் வரி

தடி உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், குட்டையாக இருந்தால் முதுகு முன்னே சாயும். இரண்டிலும் நடை தடுமாறும். "உயரத்தை மாற்றலாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்:

"வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் உள்பக்க மடிப்பிலிருந்து தரைவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் தடியின் உயரம். இந்தத் தடி 72 முதல் 94.5 செ.மீ. வரை, துளைக்கு 2.5 செ.மீ. வீதம் நீளும்."

அம்மாவின் அளவு 76 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 74.5, 77 என்ற இரண்டு துளைகளுக்கு நடுவில் அது வருகிறது. பக்கத்தில் இருப்பது 77. அதில் வைத்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருந்தால் சரி. தோள் உயர்ந்தால் ஒரு துளை இறக்க வேண்டும். பொத்தான் துளைக்கு வெளியே முழுதாகத் துருத்தி நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஊன்ற வேண்டும். இந்த எச்சரிக்கையும் விளம்பரத்தில் தடியின் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எந்தக் கையில்?

வலிக்கும் காலின் பக்கமே தடியைப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். வலது முழங்கால் வலித்தால் இடக்கையில் பிடித்து, வலது காலோடு சேர்த்தே தடியை எடுத்து வைக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் காலில் விழும் பாரத்தைத் தடி பங்கிட்டுக்கொள்ளும். ஒரே கைக்கென்று வளைத்த கைப்பிடிகளும் உண்டு. அப்படியானால் "இடக்கைக்கு", "வலக்கைக்கு" என்று தலைப்பிலேயே எழுத வேண்டும்.

அடி ரப்பர்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ரப்பரின் அடியில் உள்ள வளையங்கள் தேய்ந்து வழவழப்பானால் ஈரத்தரையில் தடி வழுக்கும். "வளையம் மறைந்தால் ரப்பரை மாற்றுங்கள், தடியின் முனை 19 மி.மீ., அதே அளவு ரப்பர் கேளுங்கள்" என்று எழுதினால், ஊரில் இருக்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ள முடியும். அந்த எண் இல்லாமல் சரியான ரப்பரைத் தேடுவது கஷ்டம்.

யாருக்கு இது போதாது

தாங்கும் எடையைக் கிலோவில் எழுதுங்கள். "அடிக்கடி தலைசுற்றல் இருந்தாலோ, இரண்டு கால்களிலும் பலம் குறைந்திருந்தாலோ ஒற்றைத் தடி போதாமல் போகலாம். மருத்துவரிடம் காட்டி, வாக்கர் வேண்டுமா என்று கேளுங்கள்" என்ற வரியும் வேண்டும். அதைப் படித்துச் சிலர் வாங்காமல் போனாலும், பொருந்தாத தடியை வாங்கி விழுவதிலிருந்து அவர்கள் தப்புவார்கள்.