பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் கடிதம்

‘கடின உழைப்பாளி. நேர்மையானவர். எல்லோருடனும் இணக்கமாகப் பழகுவார்.’ வேலை மாறப்போகும் இளையவருக்கு மேலதிகாரி எழுதித் தரும் பரிந்துரை மின்னஞ்சல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றினால் அலுவலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆளெடுப்பவர் இதில் தெரிந்துகொள்வது ஒன்றே: எழுதியவருக்கு இவர்மேல் கோபம் இல்லை.

படிப்பவர் மனத்தில் ஓடும் கேள்வி, ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் கடிதத்தையே அவர் நம்புவார்.

ஒரு கற்பனை உதாரணம். ஒரு பின்னலாடை நிறுவனத்தின் இளநிலைக் கணக்கர், வேறு நிறுவனத்தில் சீனியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய மேலாளர் நீங்கள். எழுத உட்காரும் முன் அவரிடம் வேலை விளம்பரத்தையும் அவருடைய பயோடேட்டாவையும் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் ஜிஎஸ்டி வேலை முக்கியம் என்று இருந்தால், அது தொடர்பாக நீங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து குணங்களை அடுக்குவதைவிட ஒரு சம்பவத்தை முழுதாகச் சொல்வது மேல்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

‘நான் கணக்குப் பிரிவின் மேலாளர். இவர் மூன்று ஆண்டுகளாக என் நேரடிப் பொறுப்பில் வேலை செய்கிறார். சப்ளையர்கள் முந்தைய மாத விற்பனைக் கணக்கை 11-ம் தேதிக்குள் தாக்கல் செய்வார்கள். 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வந்த பிறகு, அதில் விடுபட்ட பில்களை நாங்கள் தேடுவோம். அதற்குப் பிறகு சப்ளையரிடம் சொன்னாலும் அந்த மாதத்துக்குப் பயனில்லை. இதைக் கவனித்த இவர், 5-ம் தேதியே ஒவ்வொரு சப்ளையருக்கும் எங்களிடம் உள்ள பில்களின் பட்டியலை அனுப்பத் தொடங்கினார். மாதம் நாற்பது பில்வரை விடுபட்டுக்கொண்டிருந்தது, ஆறு மாதத்தில் பத்துக்குள் வந்தது. யாரும் சொல்லி அவர் இதைச் செய்யவில்லை.’

‘கடின உழைப்பாளி’, ‘பொறுப்பானவர்’ என்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை. படிப்பவரே அந்த முடிவுக்கு வந்துவிடுவார். சிக்கல் என்ன, இவர் எதை மாற்றினார், அதனால் என்ன ஆனது என்ற மூன்றும் வரிசையாக இருக்கின்றன. பில்கள் ‘பத்துக்குள்’ வந்தன என்பதையும் கவனியுங்கள். ஒன்றுகூட விடுபடவில்லை என்று எழுதினால், இந்த வேலை தெரிந்தவர் சந்தேகப்படுவார். எண்ணிக்கை நினைவில்லை என்றால் பழைய கோப்பைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘கணிசமாகக் குறைந்தது’ என்பதோடு நிறுத்துங்கள். சப்ளையர் பெயர்களும் வரித்தொகைகளும் நிறுவனத்தின் ரகசியம், அவை வேண்டாம்.

ஒப்பிடும்போது அளவுகோலையும் சொல்லுங்கள். ‘நான் பார்த்ததிலேயே சிறந்தவர்’ என்றால் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பது தெரியாது. ‘என்னிடம் வேலை பார்த்த ஆறு இளநிலைக் கணக்கர்களில், வேலையின் முறையையே மாற்றியவர் இவர் ஒருவர்தான்’ என்பது எடைபோடக்கூடிய வாக்கியம்.

அடுத்து, உங்களுக்குத் தெரியாததன் எல்லை. ‘ஆடிட்டரின் கேள்விகளுக்குத் தனியாகப் பதில் சொல்லும் வாய்ப்பு இவருக்கு இங்கே அமையவில்லை, அதைப் பற்றி என்னால் சொல்ல இயலாது’ என்று ஒரு வரி. இது அவரைக் குறைத்துச் சொல்வது ஆகாது. தெரியாததைத் தெரியாது என்பவர், தெரிந்ததாகச் சொன்னதை நம்பலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். அதேபோல, ‘நல்ல குடும்பத்துப் பெண்’, ‘இன்னும் கல்யாணம் ஆகவில்லை’ போன்றவை பாராட்டாகவே இருந்தாலும் வேண்டாம். வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

அனுப்பும் விதத்திலும் நம்பகம் இருக்கிறது. தலைப்பு வரியில் அவருடைய பெயரும் விண்ணப்பித்த பதவியும் இருக்கட்டும். இளையவர் கையில் கொடுத்தனுப்பாமல், நிறுவனத்துக்கே உங்கள் அலுவலக முகவரியிலிருந்து அனுப்புங்கள். சில நிறுவனங்களில் மனிதவளத் துறை மட்டுமே, அதுவும் பதவியையும் பணிக்காலத்தையும் மட்டுமே உறுதிப்படுத்தலாம் என்ற விதி உண்டு. அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தால் சொந்த முகவரியிலிருந்து, ‘இது என் தனிப்பட்ட கருத்து’ என்று குறிப்பிட்டு எழுதலாம். கடைசியில் தொலைபேசி எண் தாருங்கள். அவர்கள் கூப்பிட்டு, ‘அந்தப் பட்டியல் விஷயம் என்ன?’ என்று கேட்கக்கூடும். தடுமாறாமல் விவரிக்க முடிந்ததை மட்டுமே கடிதத்தில் வையுங்கள்.

இப்படிச் சொல்ல ஒரு சம்பவமும் நினைவுக்கு வரவில்லையா? அவரோடு நெருங்கி வேலை செய்த வேறொருவரிடம் கேட்கும்படி, விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒப்புக்குப் பாராட்டி எழுதுவதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.