தடை, விடை, எஞ்சிய கேள்வி

சொற்பொழிவைச் சுருக்குபவர், பேசியவர் என்ன சொன்னார் என்று எழுதினால் போதும். விவாதத்தைச் சுருக்குபவருக்கு வேலை இரட்டிப்பு. ஒவ்வொரு வாதத்தையும் எதிர்த்தரப்பு எப்படி எதிர்கொண்டது என்பதையும் அவர் சொல்ல வேண்டும்: மறுத்ததா, ஒப்புக்கொண்டதா, பேச்சை வேறு பக்கம் திருப்பியதா, கண்டுகொள்ளாமல் விட்டதா. இரண்டு தரப்பின் கருத்துகளையும் தனித்தனியே பட்டியல் போட்டுத் தரும் சுருக்கத்தில் இந்தச் செய்தி காணாமல் போய்விடும். ஒருவர் சொன்ன வாதம் பத்து நிமிடத்துக்குள் உடைக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பட்டியலில் அது முழு வலிமையோடு நிற்கும்.

இதைச் செய்து பார்க்க ஏற்ற பழைய விவாதம் ஒன்று உண்டு. 1948 ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியின் 'தேர்ட் புரோகிராம்' அலைவரிசையில், கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை முன்வைத்து இருவர் வாதிட்டார்கள். ஒருவர் கணிதத்திலும் தத்துவத்திலும் புகழ்பெற்ற பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். அப்போது அவருக்கு வயது 75. மற்றவர் இயேசு சபைப் பாதிரியாரும் தத்துவ வரலாற்று ஆசிரியருமான ஃபிரெடரிக் காப்பிள்ஸ்டன், வயது 40. உலகத்துக்கு வெளியே அதற்கொரு காரணம் வேண்டுமா, சமய அனுபவம் எதைக் காட்டுகிறது, நன்மை தீமை என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று மூன்று பகுதிகளாக உரையாடல் நகர்ந்தது. விவாதம் பின்னர் அச்சிலும் வந்தது. இருவரும் நிதானமாக, ஒருவர் பேச்சை மற்றவர் கூர்ந்து கேட்டுப் பேசியதால் எந்தத் தடைக்கு எந்த விடை என்று பின்தொடர முடிகிறது.

முதலில் குறிக்க வேண்டியது வாதங்களை அல்ல, தொடக்கத்தில் இருவரும் ஒத்துக்கொண்டவற்றை. உலகத்திலிருந்து வேறான, அதைப் படைத்த, ஆளுமையுடைய உயர்ந்த இருப்பையே கடவுள் என்கிறோம் என்று காப்பிள்ஸ்டன் வரையறுத்தார், ரஸ்ஸல் ஏற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட கடவுள் இருப்பதைத் தத்துவத்தால் நிறுவ முடியும் என்பது காப்பிள்ஸ்டனின் நிலை. கடவுள் இல்லை என்று நிறுவ முடியுமா என்ற கேள்விக்கு, அப்படிச் சொல்லமாட்டேன், என் நிலை அறியொணாவாதம் என்றார் ரஸ்ஸல். இந்தச் சில வினாடிகளைத் தவறவிட்டால் சுருக்கம் முழுவதும் கோணிவிடும். கடவுள் இல்லை என்று ரஸ்ஸல் வாதிட்டதாக எழுதினால், அவர் தலையில் அவர் ஏற்காத பொறுப்பு ஏறிவிடும். எதிராளி தரும் நிறுவல் போதாது என்று காட்டினாலே அவர் வேலை முடிந்தது. அதற்கு மேல் அவர் எதையும் நிறுவவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

அடுத்து குறிப்புத்தாள். பதிவை ஒருமுறை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் கேட்பது நல்லது. தாளைக் குறுக்குவாட்டில் வைத்து வாதம், தடை, விடை, மறுதடை என்று பத்திகள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாதத்துக்கு ஒரு வரிசை. அதற்கு வரும் பதில், அரைமணி நேரம் கழித்து வந்தாலும், அதே வரிசையில் அடுத்த பத்தியில் எழுதப்படும். பக்கத்தில் பதிவின் நேரம். விவாதப் போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் முறையும் ஏறத்தாழ இதுவே. இதன் பயன் கடைசியில்தான் தெரியும். வலப்பக்கம் காலியாக நிற்கும் கட்டங்களே பதில் வராத இடங்கள்.

அறநெறிப் பகுதியில் ஒரே ஒரு வரிசையை நிரப்பிப் பார்க்கலாம். நன்மை தீமை என்று பிரிப்பதற்கு என்ன ஆதாரம் என்று காப்பிள்ஸ்டன் கேட்கிறார். நீலத்தையும் மஞ்சளையும் பிரிப்பதற்கு என்ன ஆதாரமோ அதுதான், இரண்டும் வேறு என்று தெரிகிறது என்கிறார் ரஸ்ஸல். நிறத்தைக் கண்ணால் பார்க்கிறீர்கள், நன்மையை எதனால் அறிகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வருகிறது. உணர்வுகளால் என்பது பதில். ஒரு பொருள் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது என்பதற்கு இயற்பியலில் ஓரளவு விளக்கம் உண்டு. ஒன்று ஏன் நல்லதாகத் தோன்றுகிறது என்பதற்கும் அதே போன்ற விளக்கம் இருக்கக்கூடும், ஆனால் அது இன்னும் அப்படி ஆராயப்படவில்லை, என்னால் தர இயலாது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் காப்பிள்ஸ்டன் பெல்சன் வதைமுகாமின் தளபதியைக் கொண்டுவருகிறார். போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத நேரம். கேட்டவர்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். அவன் செய்தது நமக்குத் தீமையாகப் படுகிறது, ஹிட்லருக்கு நன்மையாகப் பட்டிருக்கும். அப்படியானால் ஹிட்லருக்கு அது நன்மைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டாமா? ரஸ்ஸல் மறுக்கிறார். மற்றவற்றில் போலவே இதிலும் மனிதர்கள் தவறு செய்யலாம். காமாலைக்காரனுக்கு மஞ்சளல்லாததும் மஞ்சளாகத் தெரியும். காப்பிள்ஸ்டனின் மறுதடை உடனே வருகிறது: எல்லாம் உணர்வைப் பொறுத்தது என்றால் தவறு எப்படி நேரும்? தன் உணர்வுக்கு எது பிடித்தது என்பதற்கு ஹிட்லர்தானே நீதிபதி? அதற்கு ரஸ்ஸல், அது ஹிட்லரின் உணர்வுக்குப் பிடித்தது என்பது சரி, ஆனால் அப்படிப்பட்டது பிடித்துப்போன ஹிட்லர் என் உணர்வில் வேறு விதமாகப் படுகிறான் என்கிறார். அது சரிதான் என்று ஏற்றுக்கொண்டே, உணர்வுக்கு வெளியே அளவுகோல் உண்டா என்று மறுபடி கேட்கிறார் காப்பிள்ஸ்டன். நிறக்குருடனைக் குறை சொல்ல எவ்வளவு உண்டோ அவ்வளவுதான், அவன் சிறுபான்மையாக இருப்பதால்தானே குறை சொல்கிறோம் என்பது பதில். மனித இயல்புக்கு உரிய ஒன்று அவனிடம் இல்லை, அதனால்தான் என்கிறார் காப்பிள்ஸ்டன். அவன் கூட்டம் பெரும்பான்மையானால் அப்படிச் சொல்லமாட்டோம் என்கிறார் ரஸ்ஸல். அளவுகோல் உணர்வுதானா என்று மீண்டும் அழுத்தப்படும்போது, உணர்வு என்று மட்டும் சொல்வது மிகையான எளிமை, செயலின் விளைவுகளையும் அவ்விளைவுகள் பற்றிய உணர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தன் நிலையைத் திருத்திக்கொள்கிறார்.

சில நிமிடப் பேச்சுதான். ஆனாலும் அவசரமாகக் கேட்பவர் இதில் மூன்று இடங்களில் சறுக்கக்கூடும். காப்பிள்ஸ்டன் சரிதான் என்று சொன்னதை விட்டுக்கொடுத்ததாகக் கொள்வது முதலாவது. அவர் ஒத்துக்கொண்டது ரஸ்ஸலின் உணர்வு அப்படி இருக்கிறது என்ற சிறிய உண்மையை மட்டுமே; தன் கேள்வியை அவர் கைவிடவில்லை. ஒப்புதல் வரும் இடத்திலெல்லாம் எதை, எவ்வளவு ஒப்புக்கொண்டார் என்று எழுதிவைப்பது அதனால்தான் தேவை. இரண்டாவது, எதிராளி வர்ணித்ததையே ஒருவரின் நிலையாக எழுதிவிடுவது. நன்மை தீமை வெறும் உணர்வு என்பது காப்பிள்ஸ்டன் ரஸ்ஸலுக்குச் சூட்டிய வடிவம். ரஸ்ஸல் கடைசியில் விளைவுகளைச் சேர்த்துத் திருத்தினார். சுருக்கத்தில் நிற்க வேண்டியது திருத்திய வடிவம். முதலில் சொன்னதும் பிறகு மாறியதும் ஒரு வரியில் குறிக்கப்பட்டால் இன்னும் நேர்மையாக இருக்கும். மூன்றாவது சறுக்கல், பதில் வந்த ஓசையைப் பதில் என்று எண்ணிவிடுவது. உணர்வில் தவறு எப்படி நேரும் என்ற கேள்விக்குப் பிறகு ரஸ்ஸல் பேசினார், கூர்மையாகவும் பேசினார். ஆனால் ஹிட்லரைப் பற்றிய தன் உணர்வைச் சொன்னாரே தவிர, உணர்வு எப்போது தவறாகும் என்று சொல்லவில்லை. காமாலை உவமையை நிற்கவைக்க அந்த விளக்கம் தேவை. ஆகவே அந்தக் கட்டம் காலி.

பதில் கிடைக்காதவை என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, ஏன் பதில் கிடைக்கவில்லை என்று பிரித்துச் சொல்வதில்தான் சுருக்கத்தின் தரம் இருக்கிறது. மேலே பார்த்தது, பேச்சு பக்கத்தில் விழுந்ததால் எஞ்சியது. நன்மை ஏன் நன்மையாகத் தோன்றுகிறது என்ற கேள்வியில், தன்னிடம் விளக்கம் இல்லை என்று ரஸ்ஸலே திறந்து சொன்னார். அதைத் தட்டிக்கழித்ததாக எழுதுவது அநியாயம். தள்ளிவைக்கப்பட்டதும் உண்டு. கடவுள் இல்லாமலே நன்மை தீமை வேறுபாட்டை நிலைநாட்டலாம் என்பதற்கு ஜி. இ. மூரின் அறநெறி நூலை ரஸ்ஸல் தொடக்கத்திலேயே காட்டினார். அறநெறி வாதம் வரும்போது பார்க்கலாம் என்றார் காப்பிள்ஸ்டன். இப்படி ஒத்திப்போட்டதற்கு எதிரே குறியிட்டு, அந்தப் பகுதி வந்ததும் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே காப்பிள்ஸ்டன், கடமை என்ற கட்டாயம் சட்டம் தருபவர் ஒருவரைச் சுட்டுகிறது என்று வாதிட்டார். அது மறைமுகமான ஒரு பதில். மூரின் நிலைப்பாட்டை எடுத்து வைத்துச் செய்த விவாதமாகாது.

எல்லாவற்றிலும் கடினமானது, கேள்வியே செல்லாது என்று ஒருவர் மறுக்கும் இடம். முதல் பகுதி அப்படித்தான் முடிகிறது. உலகில் உள்ள ஒவ்வொன்றும் தன் இருப்புக்கு வேறொன்றைச் சார்ந்திருக்கிறது, ஆகவே மொத்தத்துக்கும் வெளியே ஒரு காரணம் வேண்டும் என்பது காப்பிள்ஸ்டனின் வாதம். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் இருக்க வேண்டுமா என்பது ரஸ்ஸலின் தடை. அதற்கு விடை வந்தது: தொடரில் உள்ளவற்றைப் போன்ற இன்னொரு காரணத்தை மொத்தத்துக்கும் கேட்டால்தான் அந்த உவமை பொருந்தும், நான் கேட்பது தொடரைக் கடந்த வேறு வகைக் காரணம். அந்த வரிசை நிரம்பிவிட்டது. ஆனால் மொத்தத்துக்கு ஏன் காரணம் வேண்டும் என்ற அடிப்படையில் இருவரும் நகரவில்லை. பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார் ரஸ்ஸல். உலகின் காரணத்தைக் கேட்பதே முறையற்றது என்பதுதான் உங்கள் நிலையா என்று காப்பிள்ஸ்டன் கேட்க, ஆம் என்ற பதில் வருகிறது. பொருளற்றதாக ஒருவர் கருதும் கேள்வியைப் பற்றி விவாதிப்பது கடினம் என்று இருவரும் ஒத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகிறார்கள். ரஸ்ஸல் பதில் சொல்லவில்லை என்று எழுதினாலும் பிழை, பதில் சொல்லிவிட்டார் என்று எழுதினாலும் பிழை. கேள்வியை நிராகரித்தார், அதற்கு அவர் தந்த காரணம் இது, அந்தக் காரணத்தை எதிராளி ஏற்கவில்லை என்று மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் நடந்தது நடந்தபடி வரும்.

தாள் நிரம்பிய பிறகு சுருக்கத்தை நேர வரிசையில் எழுதாமல் வாத வரிசையில் எழுதுவது வாசிப்பவருக்கு எளிது. அறநெறிப் பகுதியின் அந்த வரிசை இப்படி வரலாம்:

"நன்மை தீமை உணர்வால் அறியப்படுகிறது என்றார் ரஸ்ஸல். அப்படியானால் வதைமுகாம் தளபதியைக் கண்டிக்க உணர்வுக்கு வெளியே அளவுகோல் இல்லை என்பது காப்பிள்ஸ்டனின் தடை. உணர்விலும் தவறு நேரலாம், செயலின் விளைவையும் பார்க்க வேண்டும் என்று ரஸ்ஸல் விடை தந்தார். உணர்வே அளவுகோல் என்றால் அதில் தவறு என்பது என்ன என்ற கேள்விக்கு நேர் பதில் வரவில்லை."

எழுதிய பிறகு, பதில் இல்லை என்று குறித்த ஒவ்வொன்றுக்காகவும் பதிவை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வேறு சொற்களில், வேறு பகுதியில், இறுதித் தொகுப்புரையில்கூடப் பதில் ஒளிந்திருக்கலாம். சுருக்குபவருக்குத் தெரிந்த நல்ல பதிலை எந்தத் தரப்புக்கும் கடன் கொடுக்கக் கூடாது. இந்த விவாதத்துக்குப் பிறகு தத்துவ அறிஞர்கள் இருவர் சார்பாகவும் பல பதில்களை உருவாக்கியிருக்கிறார்கள், அவற்றுக்கு இடம் வேறு. எஞ்சிய கேள்விகள் ஒரு தரப்பின் பக்கமே குவிந்திருந்தால், மற்றத் தரப்பின் வரிசைகள் அதே கண்டிப்போடு பார்க்கப்பட்டனவா என்று திரும்பிப் பார்ப்பதும் அவசியம். வென்றவர் யார் என்பது, வாக்கெடுப்பு நடந்திருந்தால் மட்டும் ஒரு தகவலாகச் சேரும். ரஸ்ஸல்–காப்பிள்ஸ்டன் உரையாடலில் வாக்கெடுப்பு இல்லை. அதன் சுருக்கத்தில் அந்த வரிக்கு இடமில்லை.