மாவுதான் நூறு

பேக்கரிக் கணக்கில் மாவின் எடை எப்போதும் 100 சதவீதம். தண்ணீர், உப்பு, ஈஸ்ட் எல்லாம் மாவின் எடையில் எத்தனை பங்கு என்றே குறிக்கப்படும். அதனால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும். சாதாரண மைதா பிரெட்டுக்கு மாவு 100, தண்ணீர் 65, உப்பு 2, உலர் ஈஸ்ட் 1, மொத்தம் 168.

சுடுவதற்கு முன் 560 கிராம் எடையுள்ள மூன்று உருண்டைகள் வேண்டுமென்றால், பிசைந்த மாவு 1,680 கிராம் தேவை. அதை 168-ஆல் வகுத்தால் ஒரு சதவீதத்துக்கு 10 கிராம். ஆகவே மைதா 1,000 கிராம், தண்ணீர் 650, உப்பு 20, ஈஸ்ட் 10. கப்பால் அளந்தால் இந்தக் கணக்கு நிற்காது, தராசு வேண்டும்.

தண்ணீர் சதவீதத்தை ஒப்பிடும்போது மாவின் வகையையும் பார்க்க வேண்டும். 65 சதவீதத்தில் மைதா மிருதுவாகத் திரளும். முழுக்கோதுமை மாவோ இறுகி, உருட்டும்போது வெடிக்கும். அதிலுள்ள தவிடும், கல்லில் அரைபடும்போது சிதைந்த மாவுச்சத்தும் கூடுதல் நீரை இழுப்பதே காரணம். அதே மிருதுவுக்கு 75 சதவீதம்கூடத் தேவைப்படலாம். தவிடு மெதுவாக ஊறும் என்பதால் அரை மணி நேரம் மூடிவைத்து, பிறகு தொட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கிலோ மாவுக்கு 20 கிராம் தண்ணீர், அதாவது 2 சதவீதம், சேர்த்துப் பிசையுங்கள்.