நம் கிளிக்கின் விலையை ஏற்றுவது யார்?

கூகுளில் 'வெட் கிரைண்டர் விலை' என்று ஒருவர் தேடியதும், யாருடைய விளம்பரம் மேலே வருவது என்பதற்கு ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஜெயிப்பவர் தான் சொன்ன உச்சத் தொகையைக் கொடுப்பதில்லை. தனக்குக் கீழே நிற்பவரை முந்துவதற்குத் தேவையானதை மட்டும் கொடுக்கிறார். ஆகவே கிளிக்கின் விலை அந்த இரண்டாமவர் கையில் இருக்கிறது. அவர் நம்முடைய ஆளாகவே இருந்தால்?

கோவையில் கிரைண்டர் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் கிளிக்குக்கு 30 ரூபாய் வரை தரத் தயார். போட்டி நிறுவனம் 12 ரூபாய் வரை. இருவர் விளம்பரமும் தரத்தில் சமம் என்றால், 12 ரூபாய்க்குச் சற்று மேலே கொடுத்தாலே முதலிடம். இந்த நிலையில் மதுரை டீலர் தன் சொந்தக் கணக்கிலிருந்து அதே சொல்லுக்கு 28 ரூபாய் வரை கேட்கிறார். தலைமை அலுவலகத்துக்கு அதே கிளிக் இப்போது 28 ரூபாயைத் தாண்டுகிறது. விற்கப்போவது அதே கிரைண்டர்தான்.

ஒரே கணக்குக்குள் இரண்டு பிரசாரங்கள் இருந்தாலும் இப்படித்தான் விலை ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. அங்கே கூகுள் அவற்றில் ஒன்றை மட்டும் ஏலத்துக்கு அனுப்புகிறது. எது போகும் என்பது நம் விருப்பப்படி அமையாமல் போகலாம். அது வேறு தலைவலி. விலை ஏற்றத்தைத் தேடுபவர்கள் கணக்குகளுக்கு இடையில்தான் தேட வேண்டும்.

இரு கணக்குகளிலிருந்தும் ஒரே மாதத்துக்கான Search terms அறிக்கையை எடுத்து, ஒரே தாளில் சேர்த்தால், இருவரும் பணம் கொட்டிய சொற்கள் தெரியும். சொல் ஒன்றாக இருப்பதாலேயே மோதல் என்றாகிவிடாது. டீலர் மதுரையில் மட்டும் காட்டி, தலைமை அலுவலகம் மதுரையை விலக்கியிருந்தால் இருவரும் சந்திப்பதே இல்லை. அதை உறுதிசெய்ய Auction insights அறிக்கையில் டீலரின் இணைய முகவரியைத் தேட வேண்டும். அதிலுள்ள Overlap rate, நம் விளம்பரம் தோன்றியபோது எத்தனை முறை அவருடையதும் தோன்றியது என்பதைச் சொல்லும்.

ஆனால் அது விலையைச் சொல்லாது. வெளியாள் ஒருவர் 29 ரூபாய் கேட்டிருந்தால், டீலர் விலகினாலும் ஒரு பைசா குறையாது. எனவே சோதித்துப் பார்ப்பதே வழி. சில மாவட்டங்களில் மட்டும் இரண்டு வாரம் டீலர் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மற்ற மாவட்டங்களோடு கிளிக் விலையை ஒப்பிட வேண்டும். தீபாவளி நேரத்தில் இதைச் செய்யக்கூடாது. எல்லாருடைய விலையும் ஆடும்.

விலையோடு, இருவருக்கும் சேர்ந்து வரும் மொத்த ஆர்டரையும் பார்ப்பது அவசியம். டீலர் காலிசெய்த இரண்டாம் இடத்தில் போட்டி நிறுவனம் வந்து உட்கார்ந்து ஆர்டரைக் கொண்டுபோனால், மிச்சமான ரூபாய்க்கு அர்த்தமில்லை. விலை இறங்கி ஆர்டரும் குறையாத மாவட்டங்களில் யாராவது ஒருவர் விளம்பரம் செய்தால் போதும். எங்கே யார் என்பதை அவர்கள் பேசி முடிவுசெய்துகொள்ளலாம்.