சொல்லும் விலையும் – 7: ஒல்லையூர் மன்னனின் வஞ்சினம்

சென்ற வாரம் தசரதனைப் பார்த்தோம். போர்க்களத்தில் தன் உயிரைக் காத்தவளுக்கு எதைக் கேட்டாலும் தருவதாகச் சொன்ன ஒரு சொல், பல ஆண்டு கழித்து அவன் உயிரையே எடுத்தது. இந்த வாரம் நம் ஊர்ப் பக்கத்துச் சபதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலத்தைத்தான் சங்ககால ஒல்லையூர் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதை வென்று பாண்டிய நாட்டோடு சேர்த்ததால் ‘ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன்’ என்று பெயர் பெற்ற மன்னன் பாடிய வஞ்சினம், புறநானூற்றில் 71ஆம் பாட்டாக இருக்கிறது. தன்னை எதிர்த்துத் திரண்டு வந்த வேந்தர்களைத் தேரோடு புறங்காட்டி ஓடச் செய்யாவிட்டால் தனக்கு என்னென்ன கேடு வரவேண்டும் என்று அவன் வரிசையாகச் சொல்கிறான். மனைவியைப் பிரிய வேண்டும். அறம் நிலைத்த அவையில் தகுதியில்லாதவனை அமர்த்திக் கொடுங்கோலன் ஆகவேண்டும். மையல் ஊர் மாவன், எயில் ஊர் ஆந்தை, அந்துவன் சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் முதலான நண்பர்களின் இனிய கூட்டத்தை இழக்க வேண்டும். மறுபிறப்பில் பாண்டியர் குடியை விட்டு ஏதோ ஒரு வன்னிலத்தைக் காப்பவனாகப் பிறக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கவனித்துப் படித்தால், தோற்றால் யார் யாருக்கெல்லாம் கேடு என்பது மன்னனுக்குத் தெரிந்திருப்பது புரியும். மனைவி, அவையில் நீதி கேட்டு வருபவர்கள், பெயர் சொல்லி அழைக்கும் நண்பர்கள் என எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அடுத்த பாட்டில் தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனும் இப்படித்தான்: தோற்றால் குடிமக்கள் தன்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். இன்னொன்றும் உண்டு. இந்த வஞ்சினங்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. போர் முடிந்தால், வென்றாலும் தோற்றாலும், சபதமும் முடிந்துவிடும்.

பீஷ்மரின் சபதத்தில் இந்த இரண்டுமே இல்லை. சத்தியவதியின் தகப்பன் தன் மகள் வயிற்றுப் பிள்ளைக்கே அரசு வேண்டும் என்றான். தேவவிரதன் அரசை விட்டான், பிறகு திருமணத்தையும் விட்டான். தன்னுடையதை மட்டுமே துறப்பதாக அவன் நினைத்தான். ஆனால் சத்தியவதியின் மூத்த மகன் சித்திராங்கதன் போரில் மடிந்தான், இளையவன் விசித்திரவீரியன் பிள்ளையின்றி மாண்டான். அப்போது சத்தியவதியே பீஷ்மரிடம் வந்து, அரசை ஏற்றுக் குலத்தைக் காக்கச் சொல்லிக் கேட்டாள். யாருடைய நலனுக்காகச் சபதம் செய்யப்பட்டதோ அவளே விடுவித்தும் அவர் விடுபடவில்லை. என் வாதம் இங்கேதான் நிற்கிறது. சத்தியவதிக்குக் கொடுத்த வாக்கு அன்றோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் காத்தது தம் பெயரைத்தான். அதற்கான விலையை, கணவனை இழந்த நிலையில் வியாசரிடம் அனுப்பப்பட்ட அம்பிகையும் அம்பாலிகையும் கொடுத்தார்கள். சால்வனும் ஏற்காமல், பீஷ்மரும் ஏற்காமல் நடுவழியில் நின்ற அம்பையும் கொடுத்தாள். சபதத்தின்போது இவர்கள் யாரும் அவர் கண்ணில் இல்லை.

வசதிப்பட்டபோது விடலாம் என்றால் வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எழுத்தும் சாட்சியும் அரிதாக இருந்த உலகில் அரசன் சொல்லை நம்பித்தான் படையும் குடியும் நின்றன. ஆனால் சொன்னவன் தானாக விடுபடுவதும், வாங்கிக்கொண்டவள் விடுவிப்பதும் ஒன்றல்ல. முன்னது ஏமாற்று. பின்னதில் நம்பிக்கை எதுவும் உடைவதில்லை. இது இக்காலத்துக் கண்ணால் பழங்கதையை அளப்பது என்ற மறுப்பும் நிற்காது, ஏனென்றால் மகாபாரதமே இதை விவாதிக்கிறது. கர்ண பருவத்தில், காண்டீவத்தை வேறொருவனிடம் கொடு என்று தருமர் கடிந்துகொள்கிறார். அப்படிச் சொல்பவனைக் கொல்வேன் என்று முன்பே சபதம் செய்திருந்த அர்ஜுனன் வாளை உருவுகிறான். கண்ணன் அவனைத் தடுத்துக் கௌசிகன் கதையைச் சொல்கிறான். எப்போதும் உண்மையே பேசுவதாக விரதம் பூண்ட அந்த அந்தணன், ஒளிந்திருந்தவர்களின் இடத்தைக் கொள்ளையருக்குக் காட்டிக்கொடுத்து நரகம் போனான். தன் விரதத்தால் சாகப்போகிறவர்களை அவன் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே அவன் மீதான குற்றம்.

அப்படியானால் ஒல்லையூர் மன்னனின் வஞ்சினம் குறையற்றதா? அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. மனைவியின் பிரிவைப் பணயமாக வைத்தவன் அவளைக் கேட்டு வைத்ததாகப் பாட்டில் இல்லை. அவன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகப் போகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களுக்கு அவள் சொன்ன மறுமொழிதான் 246ஆம் பாட்டு. அந்தச் சாவை நான் போற்றவில்லை. தடுத்த சான்றோர் பக்கமே நிற்கிறேன். அவன் இறப்புக்கு அந்த வஞ்சினம்தான் காரணம் என்றும் இரண்டு பாட்டுகளும் சொல்லவில்லை. ஆனால் கணவன் பாட்டில் தோல்வியின் தண்டனையாக மட்டும் இடம்பெற்ற பெண், தன் பாட்டில் சான்றோரை நேருக்கு நேர் கண்டித்துப் பேசுகிறாள். கைம்மை நோன்பின் வேளைக்கீரையையும் கல் பரப்பிய படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்கிறாள். பணயமாக வைக்கப்பட்டவரின் தரப்பும் புறநானூற்றில் இப்படிப் பதிவாகியிருக்கிறது. அத்தினாபுரத்தில் அம்பிகையையோ அம்பாலிகையையோ யாரும் கேட்கவில்லை.

(தொடரும்)