ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்டால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 2025 ஜூலை 1 அன்று வேலைக்குச் சேர்கிறார் ஒரு பொறியாளர். ஜாயினிங் போனஸ் 3 லட்சம் ரூபாய். ஜூலை 31 அன்று முதல் சம்பளத்தோடு அதுவும் வங்கிக் கணக்கில் விழுகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு நல்ல வாய்ப்பு வர, 2026 மே 5 அன்று பேப்பர் போடுகிறார். நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஜூலை 4 அவருடைய கடைசி வேலை நாள்.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கிறார்கள். இவருடைய ஆஃபர் லெட்டரில், ஓராண்டுக்குள் வேலையை விட்டால் போனஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. இப்படிக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனைக்குத்தான் 'க்ளாபேக்' என்று பெயர். ஜூலை 4 வரை வேலை பார்த்தவர் ஓராண்டை முடித்துவிட்டாரா, இல்லையா? அந்த வரியில் உள்ள சில சொற்களைப் பொறுத்து அவர் கொடுக்க வேண்டியது பூஜ்ஜியமாகவும் இருக்கலாம், முழு 3 லட்சமாகவும் இருக்கலாம்.

எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை?

முதலில், 'சேர்ந்த நாளிலிருந்து 12 மாதம், கடைசி வேலை நாள் வரை' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 30 அன்றே 12 மாதம் முடிந்துவிட்டது. ஜூலை 4 வரை வேலை பார்த்தவர் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை.

இரண்டாவதாக, '12 மாதத்துக்குள் ராஜினாமா கொடுத்தால்' என்று இருந்தால் கதை மாறிவிடும். ராஜினாமா மெயில் அனுப்பிய மே 5 அன்று அவர் பதினோராவது மாதத்தில்தான் இருந்தார். அதன்பின் இரண்டு மாதம் உழைத்ததை இந்த வாசகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. முழு 3 லட்சத்தையும் கேட்கலாம்.

மூன்றாவதாக, 'போனஸ் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம்' என்று இருந்தால் கெடு 2026 ஜூலை 30 வரை நீள்கிறது. ஜூலை 4 அன்று கிளம்பியவர் இதிலும் மாட்டிக்கொள்கிறார்.

இதே மூன்று வாசகங்களோடு 'முடித்த மாதங்களுக்கு ஏற்பக் குறையும்' என்ற ஒரு சொற்றொடரைச் சேர்த்துப் பாருங்கள். 3 லட்சத்தை 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 25,000 ரூபாய். இரண்டாவது வாசகத்தில் அவர் முடித்தது 10 மாதம். மீதி 2 மாதத்துக்கு 50,000 ரூபாய் கொடுத்தால் போதும். மூன்றாவதில் 11 மாதம் முடிந்திருப்பதால் 25,000 ரூபாய்தான். இந்தச் சொற்றொடர் இல்லாத கடிதத்தில், ஓராண்டுக்கு ஒரு வாரம் குறைந்தவருக்கும் இரண்டாம் மாதமே கிளம்பியவருக்கும் ஒரே தண்டனை. அது நியாயமில்லை. கையெழுத்துக்கு முன் எச்.ஆரிடம் கேட்க ஒரே ஒரு வாய்ப்பு இருந்தால் இதைத்தான் கேட்க வேண்டும்.

'கடைசி வேலை நாள்' என்று எழுதியிருந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பேப்பர் போட்டவரை நிறுவனமே முன்கூட்டி விடுவித்துவிடலாம். நம் பொறியாளரை ஜூன் 20 அன்றே அனுப்பிவிட்டால், கடைசி வேலை நாள் ஓராண்டுக்கு உள்ளே வந்துவிடும். 'நோட்டீஸ் காலத்தை நிறுவனம் குறைத்தால், குறைத்த நாட்களும் பணிக்காலத்தில் சேரும்' என்ற வரி இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கைக்கு வராத பணத்தையும் கொடுப்பதா?

ஜாயினிங் போனஸ் சம்பள வருமானமாகவே கருதப்படுவதால், வரி பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். நம் பொறியாளர் 30 சதவீத வரி அடுக்கில் இருக்கிறார் என்றால், 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்து 31.2 சதவீதம். 3 லட்சத்தில் 93,600 ரூபாய் வரியாகப் போய், 2,06,400 ரூபாய்தான் அவர் கணக்குக்கு வந்திருக்கும்.

'போனஸ் தொகை முழுவதையும்' திருப்பித் தர வேண்டும் என்று இருந்தால், நிறுவனம் கேட்பது 3 லட்சம். கண்ணால் பார்க்காத 93,600 ரூபாயை அவர் சேமிப்பிலிருந்து எடுத்துத் தர வேண்டும். நிறுவனம் தன் பக்க நியாயத்தையும் சொல்லும்: 'அந்த வரியை உங்கள் பெயரில்தான் அரசுக்குக் கட்டினோம், அது எங்களிடம் இல்லை.' அதுவும் உண்மைதான்.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நிதியாண்டு. போனஸ் வாங்கியதும் திருப்பியதும் ஒரே நிதியாண்டுக்குள், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குள் நடந்தால், நிறுவனம் அந்த ஆண்டின் சம்பளக் கணக்கிலேயே தொகையைக் கழித்து வரியைச் சரிசெய்ய இடமுண்டு. நம் பொறியாளருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. வாங்கியது 2025 ஜூலையில், திருப்புவது 2026 ஜூலையில். நடுவே ஒரு மார்ச் 31 கடந்துவிட்டது. முந்தைய ஆண்டுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது சுலபமில்லை. ஆடிட்டரிடம் போக வேண்டும், அப்போதும் உறுதியில்லை. அதனால்தான் 'வரி பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையை மட்டும்' என்ற சொற்கள் கடிதத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

புது நிறுவனம் 'அந்த 3 லட்சத்தை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்' என்று சொல்வதும் உண்டு. அந்தப் பணத்துக்கும் வரி உண்டு. கையில் முழுதாக 3 லட்சம் நிற்க வேண்டுமானால், இதே அடுக்கில் சுமார் 4,36,000 ரூபாய் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தொகைக்குப் புது நிறுவனம் தன் பங்குக்கு ஒரு க்ளாபேக் வரியைச் சேர்க்கும். பழைய கட்டு அவிழும்போதே புதிய கட்டு விழுகிறது.

இந்தக் கணக்கில் ஜி.எஸ்.டி.க்கு இடமில்லை. குறைந்தபட்சக் காலத்துக்கு முன் வேலையை விடுபவரிடம் நிறுவனம் வசூலிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. பொருந்தாது என்று 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியான சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. செட்டில்மென்ட் தாளில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

நாமாக விடாதபோது?

'எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும்' என்ற சொற்களைக் கடிதத்தில் கண்டால் அங்கேயே நில்லுங்கள். ஆட்குறைப்பில் வேலை போனவரும், உடல்நிலை கெட்டு விலகியவரும் இதற்குள் வந்துவிடுவார்கள். வேலையையும் இழந்து போனஸையும் திருப்பித் தருவது இரட்டை அடி. தானாக ராஜினாமா செய்வது, விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்தால் நீக்கப்படுவது ஆகிய இரண்டு காரணங்களோடு நிபந்தனை நிற்க வேண்டும். ஆட்குறைப்பு, நோய், மரணம் ஆகியவை விலக்கு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

எப்படி வசூலிப்பார்கள்?

பெரும்பாலும் கடைசிச் சம்பளத்திலும், விடுப்புக்கு ஈடாக வரவேண்டிய பணத்திலும் கழித்துக்கொள்வார்கள். மீதி இருந்தால் கட்டச் சொல்வார்கள். கட்டும்வரை ரிலீவிங் லெட்டரைத் தராமல் இழுப்பதும் நடக்கிறது. ஆனால் வருங்கால வைப்பு நிதியில் கை வைக்க முடியாது. அது உங்கள் கடனுக்காகக்கூட ஜப்தி செய்ய முடியாத பணம். கிராஜுவிட்டிக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

வழக்கு என்று போனால்? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே என்கிறது. ஆகவே வாங்கிய போனஸைப் போல் இரண்டு மடங்கு, வட்டியோடு என்றெல்லாம் எழுதியிருந்தால் எதிர்த்து வாதாட இடமுண்டு.

அதற்காக, 'இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. மூன்றாண்டுக்கு முன் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது, பொதுநலனுக்கு விரோதமானதும் அல்ல என்று தீர்ப்பளித்தது. அது போனஸ் வழக்கு அல்ல, பணிக்கால உறுதிமொழி பற்றியது. ஆனாலும் உண்மையாகவே கைக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிறுவனத்தின் நிலை அதைவிட வலுவானதாகவே இருக்கும்.

பெர்ஃபார்மன்ஸ் போனஸ் வேறு

ஜாயினிங் போனஸ் இனிமேல் செய்யப்போகும் வேலையை நம்பிக் கொடுப்பது. பெர்ஃபார்மன்ஸ் போனஸ் செய்து முடித்த வேலைக்குக் கொடுப்பது. போன ஆண்டு உழைத்து வாங்கிய பணத்தை, இந்த ஆண்டு வேலையை விட்டதற்காகத் திருப்பிக் கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அதைத் திரும்பப் பெறச் சரியான காரணம், அது தவறான அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்பதுதான். விற்பனைக் கணக்கைப் பொய்யாகக் காட்டியது, மோசடி செய்தது போன்றவை.

தனியார் வங்கிகளின் தலைமை அதிகாரிகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் வகுத்த விதிகள் இதைத்தான் செய்கின்றன. தள்ளிவைத்த போனஸைக் கொடுக்காமல் நிறுத்துவது ஒன்று, கொடுத்ததைத் திரும்பப் பெறுவது இன்னொன்று என்று அவை பிரித்துச் சொல்கின்றன.

தீபாவளி போனஸ் இந்தக் கணக்கில் வராது. சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸை, வேலையை விட்டார் என்பதற்காக மட்டும் திருப்பிக் கேட்க முடியாது.

தெளிவான வாசகம் எப்படி இருக்கும்?

நம் பொறியாளரின் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது:

'பணியாளர் சேர்ந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அவருடைய கடைசி வேலை நாள் அமைந்து, அதற்குக் காரணம் அவராகச் செய்த ராஜினாமா அல்லது விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனம் என்றால் மட்டும், போனஸில் வரி பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையை, மீதமுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் 60 நாளுக்குள் திருப்பித் தருவார். நோட்டீஸ் காலத்தை நிறுவனம் குறைத்தால், குறைத்த நாட்களும் பணிக்காலமாகும்.'

இதை எச்.ஆரிடம் கேட்கச் சரியான நேரம், ஆஃபர் வந்த பிறகும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும். போனில் 'பார்த்துக்கலாம்' என்று சொன்னால் போதாது, மெயிலில் பதில் வாங்குங்கள். திருத்தம் கிடைக்காவிட்டால், கெடு முடியும்வரை அந்த 3 லட்சத்தில் கை வைக்காமல் வங்கியில் போட்டு வைப்பது நல்லது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: ராஜினாமா மெயிலை அனுப்புவதற்கு முன் பழைய கடிதத்தைத் திறந்து அந்த ஒரு வரியைப் படியுங்கள். கடைசி வேலை நாளை வைத்துக் கணக்கிடும் கடிதமாக இருந்திருந்தால், நம் பொறியாளர் மே 5 அன்று நிம்மதியாகவே அதை அனுப்பியிருக்கலாம். ராஜினாமா நாளை வைத்துக் கணக்கிடும் கடிதமென்றால், ஜூலை 1 வரை பொறுத்திருக்க வேண்டும்.