தளம் மாறியாச்சு, சிலருக்கு மட்டும் ஏன் பழையது தெரிகிறது?

ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்தை வேறொரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வேலை முடிகிறது. கடைக்காரரின் செல்போனில் சற்று நேரத்தில் புதிய முகப்பு வந்துவிடுகிறது. கோவையிலிருந்து மைத்துனர் போன் செய்கிறார்: “மாமா, எனக்கு இன்னும் பொங்கல் தள்ளுபடிதான் காட்டுது.” வேலை பார்த்த பையனைக் கேட்டால், “டிஎன்எஸ் பரவணும் சார், 24 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரம் ஆகும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறான்.

அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆபத்து. காத்திருந்தால் தானாகச் சரியாகிற கோளாறும், எத்தனை நாள் காத்திருந்தாலும் சரியாகாத கோளாறும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுக்கும் “பொறுங்க சார்” என்றே பதில் வருகிறது.

முதலில், நடப்பது என்ன என்று பார்ப்போம். பிரவுசரில் example.com என்று அடித்தால், அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரி, அதாவது தளம் இருக்கும் சர்வரின் எண், உங்கள் கணினிக்குத் தெரியாது. அது உங்கள் இன்டர்நெட் நிறுவனம் வைத்திருக்கும் ஒரு சர்வரைக் கேட்கும். இந்த விசாரிப்பு வேலை செய்யும் சர்வருக்கு ரிசால்வர் என்று பெயர். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகியவையும் இதே வேலையைச் செய்பவைதான். ரிசால்வர் மேலிருந்து கீழாக விசாரித்துக்கொண்டே போய், அந்தப் பெயருக்கு அதிகாரபூர்வமாகப் பதில் சொல்லும் நேம்சர்வரை அடைந்து முகவரியை வாங்கி வருகிறது. வாங்கியதை உங்களிடம் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு பிரதியைத் தானும் வைத்துக்கொள்கிறது. அடுத்து அதே பெயரை யார் கேட்டாலும் அந்தப் பிரதிதான் பதில்.

இது சோம்பேறித்தனம் அல்ல. ஆரம்ப காலத்தில், அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் HOSTS.TXT என்ற ஒரே கோப்பில் எல்லாக் கணினிகளின் பெயரையும் முகவரியையும் எழுதி வைத்திருந்தது. மற்றவர்கள் அதை அவ்வப்போது நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அந்த ஏற்பாடு திணறியது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், பதில் சொல்லும் பொறுப்பைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு பதிலோடும் “இதை இத்தனை விநாடி வரை வைத்துக்கொள்ளலாம்” என்ற கெடுவையும் சேர்த்தது. அந்தக் கெடுதான் டிடிஎல். ஹோஸ்டிங் பக்கத்தில் உங்கள் டொமைன் பதிவுகளைத் திறந்தால் TTL என்ற கட்டத்தில் 300, 3600, 14400 என ஏதோ ஒரு எண் இருக்கும். பலரும் அதைக் கவனிப்பதில்லை.

ஆக, புதிய முகவரியை யாரும் உலகத்துக்கு அனுப்பி வைப்பதில்லை. பழைய பிரதிகள் ஒவ்வொன்றாகக் கெடு முடிந்து கழிகின்றன, அவ்வளவுதான்.

நம் ஜவுளிக் கடைக்கு வருவோம். பழைய சர்வரின் முகவரி 192.0.2.10, புதியது 203.0.113.25 (உதாரணங்களுக்கென்றே ஒதுக்கி வைத்த எண்கள் இவை). டிடிஎல் 14400 விநாடி, அதாவது 4 மணி நேரம். கடைக்காரரின் செல்போன் நிறுவனத்து ரிசால்வர் பழைய முகவரியை மாலை 6:05-க்கு வாங்கியிருந்தது. 10:05-க்குக் கெடு முடிந்தது. 10:10-க்கு அவர் தளத்தைத் திறந்ததும் அது மறுபடி விசாரித்துப் புதிய முகவரியைக் கொண்டுவந்தது. மைத்துனர் வீட்டு பிராட்பேண்ட் நிறுவனத்து ரிசால்வரோ, மாற்றத்துக்கு வெறும் 10 நிமிடம் முன்னால், 9:50-க்குத்தான் வாங்கியது. நள்ளிரவு தாண்டி 1:50 வரை அதற்குப் பழையதுதான் செல்லுபடி. சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், அவருடைய ரிசால்வரிடம் அன்று முழுக்க யாருமே இந்தப் பெயரைக் கேட்கவில்லை என்றால், 10:01-க்கே அவருக்குப் புதிய தளம் வந்துவிடும். இதில் தூரத்துக்கு வேலையே இல்லை. யாருடைய ரிசால்வர் எப்போது கடைசியாகக் கேட்டது என்பது மட்டும்தான் கணக்கு.

இந்தக் கணக்கு புரிந்தால் வழியும் தெரிந்துவிடும்: மாற்றுவதற்கு முன்பே டிடிஎல்லைக் குறைத்துவிட வேண்டும். ஆனால் “முன்பே” என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரவு 9:55-க்கு 14400-ஐ 300 ஆக்கிவிட்டு 10 மணிக்கு முகவரியை மாற்றினால், மைத்துனருக்கு ஒரு பயனும் இல்லை. அவருடைய ரிசால்வர் 9:50-க்கு வாங்கிய பிரதியில் பழைய நான்கு மணி நேரக் கெடு பதிந்துவிட்டது. குறைத்தது புதிதாகக் கேட்பவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமையே 300 ஆக்கியிருந்தால், சனிக்கிழமை இரவு 10 மணிக்கு உலகத்தில் இருக்கும் எந்தப் பிரதிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் ஆயுள் இருந்திருக்காது. சொன்ன கெடுவை மதிக்காமல் தன் விருப்பத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் ரிசால்வர்களும் சில உண்டு. அவற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வேலை முடிந்து ஓரிரு நாளில் டிடிஎல்லைப் பழையபடி கூட்டிவிடலாம்.

அப்படியானால் அந்த 48 மணி நேரம் எங்கிருந்து வந்தது? முகவரியை மட்டும் மாற்றாமல் நேம்சர்வரையே மாற்றும்போதுதான் அது பொருந்தும். .com பெயர்களுக்கு “இந்த டொமைனுக்கு இந்த நேம்சர்வர்” என்று சொல்லும் மேல்மட்டப் பதிவுகள் நெடுங்காலமாக 172800 விநாடி கெடுவோடு வருகின்றன. சரியாக 48 மணி நேரம். அந்த எண் நம் கையில் இல்லை. எனவே நேம்சர்வரை மாற்றுகிறவர்கள், பழைய நேம்சர்வரிலும் போய்ப் புதிய சர்வரின் முகவரியை எழுதி வைத்துவிட வேண்டும். யாராவது பழைய நேம்சர்வரையே கேட்டாலும் சரியான பதில் கிடைக்கும். மின்னஞ்சலுக்கான MX பதிவுகளைப் புதிய நேம்சர்வருக்குக் கொண்டுவர மறந்து, தளம் நன்றாகத் திறந்தும் மெயில் நின்றுபோவது இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும்.

இனி, காத்திருக்கலாமா கூடாதா என்று கண்டுபிடிப்பது. பழையது தெரிகிறது என்று சொல்பவரின் கணினியில் லினக்ஸோ மேக்கோ இருந்தால் டெர்மினலில் இந்த ஒரு வரி போதும்:

```
dig example.com A
```

11:18-க்கு மைத்துனர் இதை அடித்திருந்தால் பதிலில் இப்படி ஒரு வரி வந்திருக்கும்:

```
example.com.   9120   IN   A   192.0.2.10
```

நடுவில் உள்ள 9120, கெடு முடிய மிச்சமிருக்கும் விநாடிகள். 2 மணி 32 நிமிடம், அதாவது 1:50 வரை. ஒரு நிமிடம் கழித்து மறுபடி அடித்தால் 9060 ஆகியிருக்கும். எண் இறங்கிக்கொண்டே போனால் கவலை வேண்டாம், வேலை நடக்கிறது. பெரிய பொது ரிசால்வர்களைக் கேட்டால் மட்டும் எண் மேலும் கீழும் குதிக்கும். அவற்றின் பின்னால் தனித்தனிப் பிரதி வைத்திருக்கும் பல இயந்திரங்கள் இருக்கின்றன. விண்டோஸில் `nslookup example.com` முகவரியைக் காட்டும், கெடுவைக் காட்டாது.

`ipconfig /flushdns` அடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உங்கள் கணினியில் இருக்கும் பிரதியை மட்டும்தான் அழிக்கும். ரிசால்வரிடம் உள்ளது அப்படியே இருக்கும். கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் ரிசால்வர்களில் ஒரு பெயரின் பிரதியை அழிக்க இணையப் பக்கம் வைத்திருக்கின்றன. மைத்துனரின் பிராட்பேண்ட் நிறுவனத்திடம் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

முகவரி புதியதாகவே வருகிறது, ஆனாலும் பக்கம் பழையது என்றால் டிஎன்எஸ் மேல் பழி போட வேண்டாம். அது பிரவுசரின் கேஷ். படங்களையும் பக்கங்களையும் பிரவுசர் தனியாகச் சேமித்து வைக்கிறது. எவ்வளவு காலம் என்பதை சர்வர் அனுப்பும் `Cache-Control` வரி தீர்மானிக்கிறது. பழைய சர்வர் அதில் ஓராண்டு என்று எழுதி அனுப்பியிருந்தால் பிரவுசர் அதை நம்பும். Ctrl+F5 அடித்தோ, தனிப்பட்ட சாளரத்தில் திறந்தோ பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இடையில் சிடிஎன் சேவை இருந்தால் அதன் கேஷையும் அழிக்க வேண்டும்.

காத்திருந்தும் தீராத வகையில், இந்தியாவில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. A பதிவு பழைய பாணி ஐபிவி4 முகவரிக்கு. AAAA என்ற இன்னொரு பதிவு புதிய ஐபிவி6 முகவரிக்கு. மாற்றும்போது A-யை மட்டும் மாற்றிவிட்டு, AAAA பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தால், ஐபிவி6 வசதி உள்ளவர்கள் அங்கேதான் போவார்கள். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக இருப்பதால், “வைஃபையில் புதியது வருது, மொபைல் டேட்டாவில் பழையது வருது” என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். `dig example.com AAAA` அடித்துப் பாருங்கள். 48 நாள் காத்திருந்தாலும் இது மாறாது, பதிவைத் திருத்தினால்தான் மாறும். www உள்ள பெயருக்கும் இல்லாத பெயருக்கும் தனித்தனிப் பதிவுகள் இருந்து, ஒன்றை மட்டும் திருத்துவதும் இதே இனம். தளத்தைச் சோதிக்க hosts கோப்பில் எழுதிய வரியை எடுக்க மறந்தவருக்கு, உலகமே மாறினாலும் அவர் எழுதி வைத்ததுதான் தெரியும்.

விற்பனைத் தளத்தில் இந்த நான்கு மணி நேரம் வெறும் தோற்றப் பிரச்சினை அல்ல. டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு நகல் எடுத்த பிறகு, பழைய முகவரிக்குப் போன ஒருவர் சேலை வாங்கிப் பணமும் கட்டினால், அந்த ஆர்டர் பழைய டேட்டாபேஸில் போய் உட்காரும். புதியதில் அதன் சுவடே இருக்காது. அதனால் நகல் எடுக்கத் தொடங்கும்போதே பழைய தளத்தில் ஆர்டர் வாங்குவதை நிறுத்தி “பராமரிப்பில்” என்று போட்டுவிட வேண்டும். இல்லையென்றால், பழைய சர்வருக்கு வரும் கோரிக்கைகளைப் புதிய சர்வருக்கே திருப்பிவிடும்படி அமைக்க வேண்டும். இரண்டாவது வழியில் வருகையாளருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பழைய ஹோஸ்டிங் கணக்கை அன்றே ரத்து செய்துவிடாதீர்கள். ஒரு வாரமாவது ஓடட்டும், அதன் அக்சஸ் லாகைத் தினமும் ஒரு முறை பாருங்கள். உண்மையான வாடிக்கையாளர்களின் வருகை நின்று, பாட்களின் வருகை மட்டும் மிஞ்சிய பிறகு மூடுங்கள்.